சித்தப்பாவின் ரத்தத்தில் வாழைப்பழம்

சித்தப்பா மட்டாஞ்சேரியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வராமல் அம்மா வேலை பார்த்த இடத்துக்கே வந்து நின்றபோதுதான் எனக்கு முதலில் சந்தேகம் தட்டியது. தெற்கே கடலோரக் கிராமம் ஒன்றின் ஆரோக்கிய நிலையத்தில் அம்மா லேப் டெக்னீஷியன். பள்ளி விடுமுறை என்றால் என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போவாள். அன்று சாயங்காலம் டாக்டரும் நர்ஸும் போய்விட்டார்கள். அம்மா மைக்ராஸ்கோப்புக்கு உறை போடும்போது, அப்பாவின் தம்பி கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வாசலில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"நேத்திலேருந்து பனி, அண்ணி. ஆலுவாவில மழையில நனைஞ்சேன்" என்றார். எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குப் பெயர் பனி. ஆலுவாவில் மரக்கடை வேலை என்று சொல்லி மாதக்கணக்கில் வீடு தங்காதவர் அவர். அப்பா பார்த்த பெண்களையெல்லாம் ஏதோ சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்.

அம்மா அவர் விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். ஒரே ஸ்லைடில் ஒரு பக்கம் துளிகளைக் கலக்கித் தடிப்பாகப் பூசி, மறுபக்கம் இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் மெல்லிசாகத் தள்ளினாள். காய்ந்ததும் மெல்லிய பூச்சை மட்டும் மெத்தனாலில் நனைத்தாள். தடித்த பூச்சில் அது பட்டால் சிவப்பு கரையாது, கிருமியைத் தேட முடியாது என்று எனக்குப் பாடம் நடந்தது. பிறகு சாயம், கழுவல், ஒரு சொட்டு எண்ணெய். சித்தப்பா பெஞ்சில் சுருண்டு கிடந்தார்.

தடித்த பூச்சைப் பார்த்ததும் அம்மா நிமிர்ந்தாள். மெல்லிசுப் பக்கம் நகர்த்தி வெகுநேரம் பார்த்தாள். சிவப்பு அணுக்களுக்குள் மலேரியாக் கிருமிகள், நூல் போல் மெல்லிய மோதிரங்களாக. ஒரே அணுவுக்குள் இரண்டு கூட. அணு பெரிதாக வீங்கவும் இல்லை. சாதாரண மலேரியாவாக இருந்தால் அது வீங்கியிருக்கும், இது ஆளைக் கொல்கிற வகை என்றாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். எனக்கு மோதிரம் தெரியவில்லை, குட்டி வாழைப்பழம் ஒன்றுதான் தெரிந்தது. அதைச் சொன்னதும் அம்மா முகம் மாறிவிட்டது.

டாக்டரிடம் டெலிபோனில் பேசிவிட்டுத் திரும்பி வந்து சித்தப்பா எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தக் கிருமி முத்தி வாழைப்பழமா ரத்தத்தில தெரிய, காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளாவது ஆகணும், தம்பி. நேத்து வந்த பனியில இது இருக்காது. ஆலுவாப் பக்கம் இந்தப் பனி யாருக்கும் வரல. எங்க இருந்தீங்க?"

ஆலுவா என்று அவர் மறுபடியும் சொன்னார். அம்மா அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. எதையோ திருடிவிட்டு ஒளிந்திருக்கிறார், அம்மா போலீஸ் மாதிரி பிடித்துவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. குளோரோகுவின் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டினாள். வாழைப்பழங்களைக் கொல்லும் பிரைமாக்குவினைத் தனியாக வைத்தாள். அவற்றைக் கொல்லாவிட்டால் கடிக்கிற கொசு அடுத்தவருக்குக் கொண்டுபோகும், அதனால் அவரோடு ஒரே கூரையின் கீழ் படுத்தவர்கள் எல்லோரும் ரத்தம் பார்த்தாக வேண்டும் என்றாள். இந்த இரண்டாவது மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடாது என்றும் வழக்கம்போல் சேர்த்துச் சொன்னாள். நோயாளிகளிடம் தினம் ஒப்பிக்கிற பாடம்தான் அது.

சித்தப்பா தலை தூக்காமல் கேட்டார்: "மாசமா இருக்கிறவங்களுக்கு இந்தப் பனி வந்தா, அண்ணி?"

அம்மா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு உயிருக்கும் ஆபத்து" என்றாள். அப்போதுதான் அவர் மங்களூர் என்ற ஊரின் பெயரைச் சொன்னார். கட்டட வேலைக்குப் போன இடமாம். மற்றதெல்லாம் என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். போலீஸுக்குத் துப்புக் கிடைத்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன்.

அன்று ராத்திரி வீட்டில் விஷயத்தைக் கேட்டு அப்பா கத்தினார், தட்டைத் தள்ளினார், பிறகு ரயிலேறி மங்களூர் போனார். மெலிந்த உடம்பும் பெரிய வயிறுமாக ஒரு பெண்ணை அம்மாவின் லேபுக்கே கூட்டிவந்தார். வழியிலேயே அவளுக்கு உடம்பு சுட்டதாம். அம்மா ஒரு சாயா கூடக் கொடுக்காமல் முதலில் அவள் விரலில் குத்தினாள். அவள் அழவில்லை, சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திருடின பொருள் இவளிடம்தான் இருக்க வேண்டும் என்று அவள் பையையே நான் நோட்டம் விட்டேன்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை பார்த்து நம்பக்கூடாதென்று அம்மா மறுநாளும் எடுத்தாள், அதற்கு மறுநாளும் எடுத்தாள். கடைசி ஸ்லைடைப் பூராவும் தேடி முடித்ததும் மைக்ராஸ்கோப் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நான் எட்டிப் பார்த்தேன். மோதிரமும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. ஒன்றுமே அகப்படாததற்குப் போய் இவ்வளவு அழுகிறாளே என்று அம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.