ஓர் உழக்கு குதிரைவாலி

ஒச்சம்மாள் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம். பாளையம்பட்டியில் யாரைக் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவருடைய சமையலைப் பற்றிச் சொல்வார்கள். பரளச்சியில் பிறந்தவர். டிராக்டர் வைத்து உழவு ஓட்டும் கோட்டைச்சாமியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. உப்பு சரியா என்று பார்க்கச் சொல்லி யாராவது கரண்டியை நீட்டினால் முறைப்பார். கொதிக்கிற வாசனையிலேயே அவருக்குத் தெரிந்துவிடுமாம். தெரியவும் செய்தது, அதுதான் எரிச்சல்.

எனக்கு அருப்புக்கோட்டையில் ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் எழுத்துக் கோத்துக் கொடுப்பேன். சமையலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். போன சித்திரையில் அக்கா ஒரு கட்டுரை நோட்டோடு கடைக்கு வந்தார். மகன் மாரிசெல்வத்துக்கு ஆவணியில் கல்யாணம். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சமையல் புத்தகமும் போட வேண்டும், அவர் கைப்பட எழுதிய நாற்பது பதார்த்தங்கள்.

நோட்டைப் புரட்டினேன். "புளி தேவையான அளவு", "மிளகாய் காரத்துக்குத் தக்கன", "தண்ணீர் கண்ணளவு" என்று இருந்தது.

"அக்கா, இத வச்சு என்னால ஒரு ரசம்கூட வைக்க முடியாது" என்றேன்.

அவர் முகம் மாறியது. கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதத்தான் நானும் பயப்படுறேன், ஜெகதி. இதப் பாத்து எவ சமைச்சாலும் எனக்கு வர்றது அவளுக்கும் வரணும். வரலேன்னா, ஒச்சம்மா ஒளிச்சு எழுதிட்டான்னு சொல்லுவாளுக. ஒருத்தி சொன்னதே இன்னும் தொண்டையில நிக்குது."

அந்த ஒருத்தி அவருடைய நாத்தனார் தங்கலட்சுமி. திருப்பூரில் வாக்கப்பட்டவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டு குதிரைவாலிச் சோறு ஆக்கியிருக்கிறார். உழக்குக்கு ரெண்டு உழக்குத் தண்ணி என்று அக்கா சொன்னதை அப்படியே செய்திருக்கிறார். சோறு நடுவில் வேகாமல் நறநறவென்று இருந்தது. மாமியார் வீட்டுச் சனம் பந்தியில் வைத்தே சிரித்துவிட்டது. "ஒங்க பக்குவத்த நீங்களே வச்சுக்கோங்க மதினி" என்று சொல்லிப் போனை வைத்தவர், அதற்கப்புறம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வருவார், அண்ணனோடு பேசுவார், மதினியின் அடுப்படிப் பக்கம் மட்டும் வர மாட்டார். அக்கா பரிமாற வந்தால், ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று என்பார்.

சமைக்கத் தெரியாத ஒருத்தி எழுத்தைப் பார்த்துச் சமைத்துச் சரியாக வந்தால் யார் சமைத்தாலும் வரும் என்று அக்கா கணக்குப் போட்டார். அந்த ஒருத்தி நான்தான்.

கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று, மில்லி குறியிட்ட குவளை ஒன்று வாங்கினோம். ஞாயிறும் புதனும் மதியம் கடையை அடைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவேன். அவர் சமைப்பார், நான் எழுதுவேன். வீட்டுக்குப் போய் எழுதியதை மட்டும் பார்த்து அதையே சமைப்பேன். மூன்று தடவை செய்து மூன்றும் ஒன்றுபோல் வந்தால்தான் அந்தப் பதார்த்தம் புத்தகத்துக்குள் போகும்.

சொல்வதற்கு எளிது. எலுமிச்சை அளவு புளி என்று அவர் மூன்று நாள் எடுத்ததை நிறுத்தால் இருபத்திரண்டு, முப்பத்தொன்று, இருபத்தாறு. "எலுமிச்சையும் சிறுசு பெருசா இருக்கும்ல" என்று என்மேல் பாய்ந்தார். கல்லுப்பைக் கரண்டியில் அளந்தால் ஒரு கணக்கு, தூளுப்பென்றால் வேறு கணக்கு. ஆகவே எல்லாம் கிராமில்தான் என்று முடிவு செய்தோம். குழம்பு இறக்கும் நேரத்தில் கை தன் போக்கில் இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டுவிடும், கேட்டால் போடவில்லை என்பார். அதனால் சமைக்கும் முன்னும் பின்னும் உப்புச் சாடியை நிறுத்து, குறைந்ததையே எழுதினேன். சமைத்து முடித்ததும் சட்டியோடு நிறுத்து, சட்டியின் எடையைக் கழித்து, எவ்வளவு தேறியது என்பதையும் குறித்தேன். எத்தனை பேருக்குக் காணும் என்று போட அது வேண்டும்.

ஆனி முடிவதற்குள் முப்பத்து நான்கு பதார்த்தங்கள் தேறிவிட்டன. நான் வைத்த சீனியவரைக்காய் புளிக்குழம்பை என் வீட்டுக்காரர் கடையில் வாங்கியது என்று நினைத்துச் சாப்பிட்டார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

கடைசியாகச் சோறு வகைகளுக்கு வந்தோம். புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு என்று அக்கா ஒதுக்கி வைத்திருந்தது குதிரைவாலிச் சோறு. அவருடைய உழக்கைத் தலைதட்டி அளந்து, தராசில் கொட்டிப் பார்த்தோம், இருநூற்று எண்பது கிராம். நாலு சேர்ந்தால் ஒரு படி ஆகிற பழைய இரும்பு உழக்கு அது. ரெண்டு உழக்குத் தண்ணீர் குவளையில் அறுநூற்று எழுபது மில்லி வந்தது. அவர் ஆக்கிய சோறு மல்லிகைப் பூவாக வந்தது. நான் ஆக்கியது பல்லில் நறநறத்தது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தோம். தீயைக் குறைத்தேன். அவருடைய சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆக்கினேன். எங்கள் தெருப் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் அவர் வீட்டுத் தண்ணீரையே குடத்தில் கொண்டுபோய் ஆக்கினேன். கடைசியில் அவர் அடுப்படியிலேயே, அவர் அடுப்பிலேயே, நானே தராசில் நிறுத்துப் போட்டு ஆக்கினேன். அதே நறநறப்பு.

எனக்கு அலுத்துவிட்டது. வாய் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, எதையோ சொல்லாம விடுறீக" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கரண்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீயுமா" என்றார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அந்த ஒரு சொல்லே காதில் ஓடியது. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் கடையில் வேலை ஓடவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, தேறிய எடைகளை வரிசையாகப் பார்த்தேன். அக்கா ஆக்கிய சோறு மூன்று தடவையும் எண்ணூற்று இருபது கிராமுக்கு முன்னேபின்னே. நான் ஆக்கியது எண்ணூற்று எழுபதுக்கு முன்னேபின்னே. தண்ணீரும் ஒரே அளவு, நேரமும் ஒரே அளவு. என் சோறு எப்போதும் ஐம்பது கிராம் கூடுதல். ஆவியில் இத்தனை வித்தியாசம் வராது. அப்படியென்றால் சட்டிக்குள் போனதே வேறு. உழக்கை ஒரு தடவை நிறுத்தோமே தவிர, அவர் சட்டிக்குள் விழுந்ததை ஒரு நாளும் நிறுக்கவில்லை.

புதன்கிழமை போனேன். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனாலும் உள்ளே விட்டார். சட்டியைத் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, "வழக்கம்போலச் செய்யுங்க" என்றேன். இதுவரைக்கும் அவர் அளக்கும்போது நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு எழுதவில்லை.

உழக்கைத் தலைதட்டிச் சட்டியில் கொட்டினார். இருநூற்று எண்பது. உழக்கைக் கவிழ்த்து வைத்தார். எண் சட்டென்று இறங்கி இருநூற்று முப்பத்திரண்டில் நின்றது.

"தராசு கெட்டுப்போச்சு" என்றார்.

"கையப் பாருங்கக்கா."

அவருடைய வலது கை ஒரு பிடி குதிரைவாலியோடு அடுப்படி மூலையில் இருந்த கலயத்துக்குப் பாதி வழி போயிருந்தது. கையைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பரளச்சியில் அவர் பிறந்த வீட்டுப் பழக்கம் அது. அரிசியோ குதிரைவாலியோ அளந்து போட்டதும் ஒரு பிடி திரும்ப எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் அதைப் பொங்குவார்கள். ஏழெட்டு வயதிலிருந்து எடுக்கிற பிடி. கண் சிமிட்டுவதை யாராவது எழுதி வைப்பார்களா? இதையும் அவர் எழுதவில்லை, போனிலும் சொல்லவில்லை. இன்னும் ரெண்டு தடவை எடுக்கச் சொல்லி நிறுத்தேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு.

"அப்ப, தங்கத்துக்குச் சொன்னதும் இந்தக் கணக்குத்தான்" என்றார். கண் கலங்கியிருந்தது. "அவ சொன்னது சரித்தான, ஜெகதி. நான் ஒளிச்சுத்தான் வச்சிருக்கேன், எனக்கே தெரியாம."

என் கண் முன்னாலேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார், சாட்சிக்கு ஆள் வேண்டுமாம். "தங்கம், நான் மதினி பேசுறேன்" என்று தொடங்கி, கலயம், பிடி, தராசு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னார். "நாப்பத்தெட்டு கிராமு, தங்கம். ஓம் மாமியா வீட்டுல ஒன்னயப் பாத்துச் சிரிக்க வச்சது அதுதான். தப்பு எம்மேலதான்."

அந்தப் பக்கம் வைத்துவிட்டாரோ என்று நான் போனைப் பார்த்தேன்.

"உழக்குக்கு ரெண்டரை" என்றார் தங்கலட்சுமி.

"என்னது?"

"பிடி எடுக்கலேன்னா உழக்குக்கு ரெண்டரை உழக்குத் தண்ணி ஊத்தணும், மதினி. ரெண்டு பத்தாது, மூணு கொழஞ்சிரும். பதினோரு வருசமா ஆக்கி ஆக்கிப் பாத்திருக்கேன்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். இந்த அடுப்படிக்கு வராத வருஷங்களில் எல்லாம் இவருடைய சோற்றை அங்கே ஒருத்தி விடாமல் ஆக்கிப் பார்த்திருக்கிறாள்.

இருநூற்று எண்பது கிராமுக்கு எண்ணூற்று நாற்பது மில்லி ஊற்றி, மூன்று நாள் மூன்று தடவை ஆக்கினேன். மூன்றும் பூவாக வந்தன. மிச்சமிருந்த அரிசி, கம்பு வகைகளையும் சட்டியைத் தராசில் வைத்துத் திரும்ப அளந்தோம். முதல் பக்கத்தில் குதிரைவாலிச் சோற்றுக்குக் கீழே "அளவு: தங்கலட்சுமி, திருப்பூர்" என்று போடச் சொன்னார் அக்கா. தன் பேரை அந்தப் பக்கத்திலிருந்து அவரே அடித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், அச்சாகி வந்த புத்தகக் கட்டுகளோடு பாளையம்பட்டிக்குப் போனேன். அடுப்படியில் தங்கலட்சுமி நின்றார். பயணத்துக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை. உழக்கைத் தலைதட்டிச் சட்டியில் கொட்டினார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு, கையை வேண்டுமென்றே இடுப்பில் செருகிக்கொண்டு, வெங்காயக் கூடையையே பார்த்தபடி நின்றார். கை தன் போக்கில் பிடி எடுத்துவிடக் கூடாது என்று அவ்வளவு வைராக்கியம்.

தங்கலட்சுமி சட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். மூலைக்குப் போய் அதைக் கலயத்தில் போட்டுவிட்டு வந்தார்.

"இப்ப ரெண்டு உழக்குப் போதும்ல, மதினி" என்று கேட்டபடி தண்ணீரை அளந்து ஊற்றினார்.