மேடம் போர்டில் காலியாக இருந்த இடம்

ஜூனியர் வக்கீல் என்பவன் வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. சோத்துக்குக் குறைவிருக்காது, பேச்சுக்கு மரியாதை இருக்காது. ஒருத்தர்கிட்ட கைகட்டி வேலை கத்துக்கிட்டு, அப்புறம் தனியாகக் கடை போட்ட எல்லாருக்கும் நான் சொல்லப்போறது புரியும். மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க.

பெயிண்டர் கேட்டது

திருப்பத்தூரில் பத்மாவதி மேடம்கிட்ட நான் ஏழெட்டு வருஷம் ஜூனியர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் எழுதின பிராதை சிவப்புப் பேனாவால் கொத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிருக்கேன். என் பேருக்குக் கீழ உன் பேரு. இனிமே நீ ஜூனியர் இல்ல, பார்ட்னர்." மேடத்தின் ஒரே மகள் கோயம்புத்தூரில் பல் டாக்டர். அந்த அலமாரியிலிருந்த கேஸ் கட்டுகள், நம்பி வரும் கட்சிக்காரர்கள், கோர்ட்டில் அந்தப் பேருக்கு இருந்த மதிப்பு எல்லாம் ஒரு வாக்கியத்தில் என் மடியில் வந்து விழுந்தது. எங்க வக்கீல் சங்கத்தில் இதுக்காகவே காத்துக் கிடக்கிறவங்க உண்டு.

நானோ அதுக்கு முந்தின வாரம்தான் புதூர்நாட்டில், எங்க மலையில், ஆபீசுக்கு ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தேன். ஒரு வாய்தாவுக்காக எங்க ஜனம் ஜீப் பிடிச்சு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுட்டுத் திரும்பறதை சின்ன வயசிலிருந்து பார்த்தவன் நான். அது பாதி காரணம். மீதி பாதி, ஜட்ஜ் என்னை எப்பவும் "மேடத்தோட ஜூனியர்" என்றே கூப்பிடுவார். ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும் என்கிற ஆசை. "தனியா ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் மேடம்" என்றேன். சிவப்புப் பேனா நின்றது. அப்புறம் அடுத்த வரியைத் திருத்தப் போனது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஏணி மேல் நின்றவன் குனிந்து எட்டிப் பார்த்தான்: "மேடம், கீழ இடம் வுட்டாச்சு. இன்னா பேரு எழுதணும்?"

விலகும் முறை

வக்கீல் ஆபீசை விட்டு விலகறது மளிகைக்கடையை விட்டு நின்னுக்கற மாதிரி இல்லை. கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர்ற வக்காலத்தில் சீனியர் பேரோடு ஜூனியர் பேரும் இருக்கும். சாட்சி விசாரணை பாதியில் இருந்த கேஸ்களை முடிச்சுக் கொடுத்தேன். கட்டு ஒண்ணுகூட என்னோடு வராது. "நான் போறேன், என்கூட வாங்க" என்று ஒரு கட்சிக்காரர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. யாராவது அவங்களா வந்தாலும், சீனியர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டாத்தான் புது வக்காலத்தைத் தாக்கல் பண்ணலாம். இல்லாவிட்டால் கோர்ட்டில் அனுமதி கேட்டு மனுப் போடணும். அது சீனியரைச் சந்திக்கு இழுக்கிற வேலை.

எல்லாத்தையும் முறையாகச் செய்தேன். மேடமும் கேஸ் விஷயமாகப் பேசினார். அதைத் தாண்டி "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்கவில்லை. ஏழெட்டு வருஷமா தினம் கேட்டவர். எனக்கு அது ரொம்ப வலித்தது. சாவியைக் கொடுத்த அன்றைக்கு குமாஸ்தா தாஜுதீன் பாய் என்னைப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டார். "கோவமா இருந்தா திட்டித் தீர்த்துருப்பாங்க தம்பி. இது வருத்தம். இதுக்கு நம்மகிட்ட வழி இல்ல."

மொட்டை போர்டு

புதூர்நாட்டில் உரக்கடை மாடியில் என் போர்டு ஏறியது. பேரு, படிப்பு, வக்கீல். அவ்வளவுதான். எங்க தொழிலில் விளம்பரம் கூடாது. இன்னாரோடு இருந்தேன், இந்த மாதிரி கேஸில் கெட்டிக்காரன் என்று போர்டில் போட்டுக்கொள்ளவும் கூடாது. ஜீப் ஓட்டும் முருகேசன் அண்ணன் கீழே நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "உன் பேரு யாருக்குத் தெரியும்? திருப்பத்தூர் மேடத்து ஆளுன்னு ஒரு வரி போடு சார், நானே ஆளுங்கள ஏத்திக்கினு வர்றேன்."

பூட்டு

ஜனம் மலையிறங்கக் கூடாது என்றுதானே ஆபீஸ் போட்டேன்? கோர்ட் இருப்பது திருப்பத்தூரில் என்பதை அந்த மகா யோசனையில் மறந்துவிட்டேன். கோர்ட் நடக்கிற நாளெல்லாம் நான் காலை முதல் பஸ்ஸில் இறங்கிவிடுவேன். கட்சிக்காரர் மாடியேறி, பூட்டைப் பார்த்து, அடுத்த ஜீப்பில் இறங்கி, கோர்ட் வேப்பமரத்தடியில் என்னைப் பிடிப்பார். அப்புறம்தான் ஆபீஸ் சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் என்று மாத்தினேன். அதுக்குள் ஒரு பெரியவர் மூச்சிரைக்க வந்து சொல்லிவிட்டார்: "ஆபீசு மேல, வக்கீலு கீழ. நல்லா இருக்குது சார் உன் தொழிலு."

பெரிய கேஸ்

கட்சிக்காரர் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பலாத்தோப்புக்காரர் ஒருத்தர் வந்தார். பாகப்பிரிவினை, பெரிய குடும்பம், பல வருஷம் ஓடும். கையெல்லாம் துறுதுறுத்தது. எதிர்க்கட்சி யார் என்று கேட்டேன். அவர் தம்பி, தம்பிக்கு வக்கீல் பத்மாவதி மேடம், தம்பி தரப்பு பிராதை எழுதினவன் நான். ஒரு பக்கத்து ரகசியத்தை வாங்கிக்கொண்டு மறுபக்கத்துக்கு ஆஜராக முடியாது. வேறு வக்கீலைப் பாருங்கள் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தனியா வந்துட்டன்னு சொன்னாங்கோ. நீ இன்னும் அந்தம்மா ஆளுதான்."

சென்னம்மா அக்கா

சென்னம்மா அக்காவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புப் புளியமரத்தில் தகராறு. எல்லையில் நிற்கிற மரம், காய் யாருக்கு என்பது கேஸ். அக்கா மேடத்தின் கட்சிக்காரர். முழங்கால் வலியோடு என் மாடியேறி வந்து உட்கார்ந்துவிட்டார். "என்னால இனிமே எறங்க முடியல. நீயே பாரு." மேடத்துகிட்ட போங்க அக்கா என்றேன். "அவுங்ககிட்ட சொல்லிட்டுதான் வந்தேன். உன்ன வரச் சொன்னாங்க" என்றார்.

புது வக்காலத்தை எடுத்துக்கொண்டு போனேன். கையெழுத்துப் போடாவிட்டால் அக்காவுக்கு நான் இல்லை. போட்டாலும், அதோடு மேடம் எனக்கு இல்லை என்று ஆகிவிடுமோ என்றுதான் வழியெல்லாம் பயம். பாய் என்னைக் கட்சிக்காரர் பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஏழெட்டு வருஷத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்ப் போய் வந்தார்கள். வாசல் போர்டைப் பார்த்தேன். மேடம் பேருக்குக் கீழே வெள்ளை இடம் அப்படியே இருந்தது.

ஒருவழியாகக் கூப்பிட்டார். வக்காலத்தை வாங்கி, நான் எழுதியிருந்த கேஸ் நம்பரைச் சிவப்புப் பேனாவால் சரிசெய்தார். அதே பேனாவால் கையெழுத்துப் போடப் போய், நிறுத்தி, நீலப் பேனா கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். போட்டுவிட்டு, புளியமரக் கேஸ் கட்டை என் பக்கம் தள்ளினார். "சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றேன். நான் விலகினதுக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார். "நான் தனியா வந்தப்ப எங்க சீனியர் இந்தக் கையெழுத்துக்கு ஒரு மாசம் அலைய வுட்டாரு. உன்ன ஒரு மத்தியானம்தான் உக்கார வச்சேன், போய்ச் சாப்புடு."

தனியாக நிற்கப்போறேன் என்று மலையேறினவன், இன்றைக்கும் சட்டத்தில் சந்தேகம் வந்தால் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன், தனியாக நிற்பது போர்டில் இருக்கிற என் பேர் மட்டும்தான்.