எண் மூன்றை அழுத்தினாலும் மோட்டார்காரர்தான்

இலவச அழைப்பு எண் தரும் கம்பெனியின் பதிவில் அந்தக் கடை 'விற்பனை, பழுதுபார்ப்பு, புகார் எனும் மூன்று பிரிவுகள் கொண்ட வாடிக்கையாளர் சேவை மையம்'. நேரில் பார்த்தால் மூன்று பிரிவுகளும் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் மோட்டாரை விற்பவரும், கழற்றி மாட்டுபவரும், ஓடாதபோது திட்டு வாங்குபவரும் ஒருவரே: மோட்டார்காரர்.

எதிர்க்கடைப் பலகையில் இலவச எண் ஏறியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் வேறு கறாராகச் சொல்லிவிட்டார்: "வருஷ கான்ட்ராக்ட் உங்களுக்குத்தான். ஆனா கூப்பிட்டா எடுக்கணும். இல்லேன்னா எதிர்க்கடை."

உடனே ஆதாரங்களைக் கொடுத்து எண் வாங்கினார். "யார் கூப்பிட்டாலும் உங்க செல்லுக்கு எங்க நம்பர்லதான் வரும் சார், அதை சேமிச்சு வைங்க" என்றார் கம்பெனி விற்பனையாளர். அந்த நேரம் பார்த்து மோட்டார்காரர், வரவேற்புக் குரல் கம்பீரமாக இருக்க வேண்டுமே என்ற கவலையில் இருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். செயலாளரிடமும் மற்ற வாடிக்கையாளர்களிடமும், "இனிமே என் செல்லுக்குக் கூப்பிடாதீங்க, ஆபீஸ் நம்பருக்கே கூப்பிடுங்க" என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தார்.

எண் உயிர்பெற்றது. செல்லுக்கு நேராக வந்த பழைய அழைப்புகளும் நின்றன. இடையே ஏதோ அறிமுகமில்லாத எண் ஒன்று அவர் செல்லைத் துளைத்தெடுத்தது.

"லோன் வேணுமான்னு உயிரை எடுக்கிறானுங்க!" அவர் வழக்கப்படி அதைத் தடுத்துவைத்தார். அந்த வேலையில் மட்டும் அவர் தாமதித்ததே இல்லை.

இரண்டு நாள் கடை ஈயோட்டியது. மூன்றாம் நாள் மனைவி தன் போனிலிருந்து அந்த இலவச எண்ணுக்கு அடித்து, விற்பனைக்கான எண் ஒன்றை அழுத்தினார். பக்கத்தில் மேஜைமேல் கிடந்த கணவரின் செல் மூச்சுவிடவில்லை.

"எங்க ஊழியர்கள் எல்லாரும் வேற அழைப்புல இருக்காங்களாம்," என்றார் மனைவி. "யாருங்க அந்த எல்லாரும்? நீங்க டீ ஆத்திட்டு இருக்கீங்க."

செல்லை எடுத்துத் தடுத்த எண்களைப் புரட்டியவர், தலையில் அடித்துக்கொண்டார். "லோன்காரன் இல்லைங்க, இது நம்ம ஆபீஸ்! காசு கட்டி நம்பர் வாங்கி, அதையே பூட்டி வச்ச மகராசன் நீங்க ஒருத்தர்தான்."

தடையை எடுத்து எண்ணைச் சேமிப்பதற்குள் செல் அலறியது.

"மூணை அழுத்தியிருக்கேன். புகார் பிரிவா?" செயலாளரின் குரல்.

மோட்டார்காரர் குரலை மாற்றினார். "ஆமா சார், சொல்லுங்க."

"நேத்துலேர்ந்து ஒண்ணு, ரெண்டு எல்லாம் அழுத்திப் பாத்துட்டேன், ஒருத்தரும் எடுக்கல. மாடியில சொட்டுத் தண்ணி இல்ல. உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க, எதிர்க்கடைக்குப் போறேன்."

"ஐயையோ, நான்தான் சார் முதலாளி! இதோ வந்துட்டேன்!"

மூன்று பிரிவுகளையும் மனைவியிடம் விட்டுவிட்டு, ஸ்பானரோடு ஓடிப்போய் மோட்டார்காரர் அந்த மோட்டாரை ஓடவைத்தார்.