தண்ணீரை நிறுத்தத் தெரியாதவன்

திருவாரூருக்கு வெளியே ஒரு அரிசி மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வயல்களில் கூலித் தகராறு நடந்துகொண்டிருந்தது. மில் முதலாளிக்கு நிலமும் இருந்தது. நில உச்சவரம்பு, சங்கம், கொடி என்று எந்தப் பேச்சு காதில் விழுந்தாலும் அவர் முகம் சுருங்கும். எனக்கு நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராது. எந்தப் பக்கமும் சேராதவன் என்று நினைத்துத்தான் வேலை கொடுத்தார்.

அதற்கு முன் நான் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். மடையை அடைக்க ஒரு வெட்டு மண், ஒரே போடு. தயங்கித் தயங்கி அடைத்தால் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கைப் பழக்கத்தோடுதான் மில்லுக்கு வந்தேன்.

புழுங்கலுக்கு நெல் ஊறவைக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. உயரத்துத் தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் சுவர் ஓரமாக நீண்டு வரும். முன்பு அதில் திருகி மூடும் சக்கர வால்வு இருந்தது. அது பழுதானதும் கைப்பிடி வால்வு மாட்டினார்கள். கைப்பிடியைக் கால் வட்டம் தள்ளினால் மூடிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளங்கையால் ஒரே தள்ளு. உடனே யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ‘டம்’ என்று கேட்கும். குழாய் துள்ளும்.

“அண்ணே, இன்னிக்கி எந்தச் சுவத்த இடிக்கிறீங்க?” என்று களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

ஒரே மாதத்தில் கொதிகலன் பக்கத்துக் குழாய் இணைப்பு இரண்டு முறை விட்டுப்போனது. இரண்டாம் முறை முதலாளி என் எதிரே வந்து நின்றார்.

“சங்கத்துல சேந்துட்டியா? எவன் சொல்லி ஒடைக்கிற?”

இல்லை என்று சொல்ல வேண்டும். தலையைத்தான் ஆட்டினேன். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. “நாளைக்கி ஃபிட்டர் வர்றாரு. உன் வேலைன்னு தெரிஞ்சா அப்படியே வீட்டுக்குப் போயிடு” என்றார்.

மறுநாள் காலையில், கழுவிய தொட்டியையே மறுபடி கழுவினேன். ஃபிட்டர் சைக்கிளில் வந்தார். இணைப்பைச் சரிசெய்துவிட்டு, “எப்பவும் மூடற மாதிரி மூடுங்க” என்றார். பக்கத்தில் முதலாளி. இன்னொரு முறை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். சத்தமே வரவில்லை.

“பாத்தீங்களா? நான் நிக்கிறப்ப மட்டும் வரல. சங்கம் சொல்லி வேணும்னே செய்யிறான்” என்றார் முதலாளி.

நான் மூடிய விதம் வேறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஃபிட்டர் வால்வைத் திறந்துவிட்டார். “நீங்க ஒருதரம் மூடிப் பாருங்க முதலாளி. வேகமா.”

முதலாளி எரிச்சலோடு ஒரே தள்ளாகத் தள்ளினார். டம்! குழாய் எகிறிச் சுவரில் மோதியது. இணைப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவருடைய வெள்ளைச் சட்டையை நனைத்தது. களத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப நீங்களும் சங்கமா?” என்றார் ஃபிட்டர், சிரிக்காமல்.

பிறகு விளக்கினார். “குழா நெடுக தண்ணி ஓடி வருது. அம்புட்டு கனமும் ஓட்டத்துல இருக்கு. பட்டுனு மூடினா அது போயி நிக்க இடம் இல்ல. வால்வுல மோதுது. அந்த அழுத்தம் குழாய்க்குள்ளயே முன்னயும் பின்னயும் ஓடி அடிக்குது. குழாய வேற ரெண்டே ஆணியில தொங்கவிட்டிருக்கீங்க.”

சுவர் நெடுகக் குழாயைக் கிளாம்பு போட்டு இறுக்கச் சொன்னார். வால்வுக்குச் சற்று முன்னால், மேல்முனை மூடிய ஒரு முழக் குழாயை நட்டுக்குத்தாகப் பொருத்தலாம் என்றார். உள்ளே நிற்கும் காற்று அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். நாளாவட்டத்தில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துவிடும், அவ்வப்போது குழாயை வடித்துக் காற்று ஏற விட வேண்டும். “பழையபடி சக்கர வால்வே மாட்டிட்டா இன்னும் நல்லது. அதுவரைக்கும் பத்து எண்ணிக்கிட்டே மெதுவா மூடுங்க.”

மடையில் எது சரியோ அதுவே இங்கே தப்பு. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இணைப்பை மறுபடி இறுக்கியதும் முதலாளி ஈரச் சட்டையோடு என்னைப் பார்த்தார். “மூடு. எனக்குக் கேக்கற மாதிரி எண்ணு.”

கைப்பிடியைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன். நாலில் குரல் உடைந்தது. களத்துப் பெண்கள் ஐந்து, ஆறு என்று சேர்ந்துகொண்டார்கள். என் முகம் எரிந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பத்தில் தண்ணீர் நின்றது. குழாய் அசையவில்லை.

முதலாளி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “அடுத்த தொட்டிக்கு நெல்லக் கொட்டச் சொல்லு” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். வேலை தங்கிவிட்டது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.