மூடியில்லாத வானம்

வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவக் கிராமத்துக்காரரான காயாரோகணம், ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு சோலார் கம்பெனி முகாமுக்குச் சமைத்துப் போடுகிறார். அவருக்கு வெயிலைவிடப் பெரிய எரிச்சல், கார்த்திகையில் வேலைக்கு வந்து சேர்ந்த மைத்துனன் வீரமணி. ஒரு லுங்கி, ஒரு துண்டு, அவ்வளவுதான் அவன் கொண்டுவந்தது.

"பகல் பூரா வெயில் குடிச்ச மணலு மச்சான். ராத்திரியும் கதகதன்னுதானே இருக்கும். நம்ம கடற்கரையில படுக்கலையா?"

சொன்னபடியே போய் மணலில் படுத்தான். விடியும்போது பல் தந்தியடிக்க, அடுப்பைக் கட்டிப்பிடிக்காத குறையாக வந்து நின்றான்.

"மேல்மணலு மட்டுந்தான்டா காயும். ஒரு சாண் தோண்டிப் பாரு, சூடு இருக்காது. அந்தக் கொஞ்ச சூடும் பொழுது சாஞ்சா வானத்துக்கு ஓடிடும். நம்ம ஊர்ல காத்துல ஈரம் இருக்கு, மேகம் இருக்கு. சோத்துப் பானைக்கு மூடி மாதிரி சூட்டைப் பிடிச்சு வைக்கும். இங்க காத்தே காஞ்சு கிடக்கு. மூடி இல்லடா."

பருப்பு கடையும்போது ஒரு தரம், சப்பாத்தி போடும்போது ஒரு தரம், இதையே சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை வற்றியது. வீரமணி தலையை ஆட்டிவிட்டு, அவருடைய ரெண்டு கம்பளியில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் வானம் பூரா மேகம் கவிந்தது. வீரமணி கம்பளியை மடித்துக் கொண்டுவந்து நீட்டினான்.

"மூடி போட்டாச்சு மச்சான். இன்னிக்கி எனக்கு இது வேணாம்."

எனக்கே பாடமா என்று காயாரோகணம் வீம்புக்கு ரெண்டையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார்.

காலையில் வேர்வையில் நனைந்த கம்பளிகளைக் கொடியில் காயப்போட்டார். வீரமணி பார்த்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.