மைனஸ் இன்ஃபினிட்டிக்கும் அதே e

எனக்கு வாய் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் எட்டு வருடமாக அந்த வாய் எங்கள் கோழிப்பண்ணைக்கு வரும் தீவன வண்டிக்காரரிடமும் கரண்ட்டு ஆபீசிலும்தான் செலவாகிக்கொண்டிருந்தது. எம்.எஸ்சி., பி.எட். முடித்து மூன்று வருடம் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் நான். இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தார்கள், வேலையை விட்டேன். சின்னவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி வேலை தேடினால், இரண்டு பள்ளிகள் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு “நடுவுல இவ்வளவு வருசம் கேப் இருக்குதுங்களே” என்று திருப்பி அனுப்பிவிட்டன.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஆனாலும் அலுத்துப்போயிருந்தார். “இன்னொரு எடம் பாரு. அங்கயும் ஆவலீன்னா உட்ருலாம். பண்ணையையே பாத்துக்கலாம்” என்றார். நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் கணக்கு என்றால் அத்தனை ஆசை, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

அந்த மூன்றாவது இடம் நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளி. எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சான்றிதழை மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். கையில் சாக்பீஸைக் கொடுத்து, ‘டெமோ’ எடுக்கச் சொல்வார்கள். அங்கே வேலை பார்க்கிற வாத்தியார்களே பிள்ளைகள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு குறும்புக் கேள்வியாகக் கேட்பார்கள். அன்றைக்கு முதல் பெஞ்சில் கணக்குத் துறையின் மூத்த ஆசிரியர், பக்கத்தில் பிரின்சிபால் அம்மா, கடைசி பெஞ்சில் தாளாளர். தாளாளர் விவசாயி. “எனக்குக் கணக்குத் தெரியாதுங்கம்மா. ஆளப் பாத்தாத் தெரியும். நீங்க நடத்துங்க” என்று கையைக் கட்டிக்கொண்டார்.

எனக்கு வந்த தலைப்பு லிமிட், எல்லை மதிப்பு. (1 + 1/x)ˣ என்று எழுதினேன். x-க்கு ஒன்று போட்டால் 2, பத்து போட்டால் 2.5937, நூறு போட்டால் 2.7048 என்று பட்டியல் போட்டு, x முடிவில்லாமல் ஏற ஏற விடை e-யை, அதாவது ஏறத்தாழ 2.718-ஐ நெருங்கும் என்று முடித்தேன். எட்டு வருடம் கழித்தும் கரும்பலகை என்னை மறக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

மூத்தவர் பேனாவை உயர்த்தினார். “சரிம்மா. x மைனஸ் இன்ஃபினிட்டிக்குப் போனா?”

“அப்பவும் e தானுங்க சார்.”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, பாவம் என்கிற சிரிப்பு. “ரொம்ப நாள் ஆச்சில்ல, மறந்துட்டீங்க. அடுக்கு மைனஸ் ஆயிட்டா தலைகீழாப் போயிரும். 1/e.” சொல்லிவிட்டுப் பள்ளியிலேயே அச்சடித்த நோட்ஸைத் திறந்து காட்டினார். கட்டம் போட்டு 1/e என்றுதான் இருந்தது. தொகுத்தவர் அவரே.

பிரின்சிபால் அம்மா என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். ‘விட்டுருங்க’ என்று அர்த்தம். “ஆமாங்க சார், மறந்துட்டேன்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், வேலை கைக்கு வந்திருக்கும். சத்தியமாக அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கும் கூடவே வந்தது. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது. அதை மனப்பாடம் செய்துகொண்டு எத்தனை பிள்ளைகள் பரீட்சை எழுதப் போவார்கள்! வேலை போனால் போகட்டும், தப்புக்குத் தலையாட்ட முடியாது.

“இல்லீங்க சார். மைனஸ் ரெண்டு போட்டுப் பாருங்க” என்றேன். “அடைப்புக்குள்ள அரை. அரையோட மைனஸ் ரெண்டாம் அடுக்கு நாலு. மைனஸ் பத்துக்கு 2.868. மைனஸ் நூறுக்கு 2.732. அந்தப் பக்கம் கீழிருந்து ஏறுச்சு, இந்தப் பக்கம் மேலிருந்து எறங்குது. ரெண்டும் ஒரே எடத்துக்குத்தானுங்க வருது. x மைனஸ் ஒன்னுக்குக் கீழ இருந்தா, உள்ள இருக்கறது பூஜ்யத்துக்கும் ஒன்னுக்கும் நடுவுல இருக்கற எண். அதுக்கு மைனஸ் அடுக்கு வெச்சா ஒன்னவிடப் பெருசாத்தான் வரும். 1/e-ங்கறது 0.37. அங்க எப்படிங்க எறங்கும்?”

சிரிப்பு நின்றுவிட்டது. “நம்பர் போட்டுக் காட்டறது நிரூபணமா?” என்றார். கேட்டது நியாயமான கேள்வி. கோபத்திலும் நியாயமாகக் கேட்டாரே என்று எனக்கு அவர்மேல் அந்த இடத்திலேயே மரியாதை வந்தது.

x = −t என்று எழுதினேன். x கீழே போகப் போக t மேலே ஏறும். இப்போது (1 − 1/t) என்பதற்கு −t அடுக்கு. உள்ளே இருப்பது (t − 1)/t. மைனஸ் அடுக்கு அதைக் கவிழ்த்து t/(t − 1) ஆக்கிவிடும், அடுக்கு t. t/(t − 1) என்பதை 1 + 1/(t − 1) என்று எழுதலாம். அடுக்கில் இருக்கிற t-யில் ஒன்றைப் பிரித்து எடுத்து வைத்தால், ஒரு பக்கம் 1 + 1/(t − 1)-இன் (t − 1) அடுக்கு, இன்னொரு பக்கம் வெறும் 1 + 1/(t − 1). முதலாவது e-க்குப் போகும், இரண்டாவது ஒன்றுக்குப் போகும். பெருக்கினால் e.

“x மைனஸ் ஆனா அடுக்கு மட்டும் மாறலீங்க சார், உள்ள இருக்கற குறியும் சேர்ந்து மாறுது” என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தேன். என் குரல் கொஞ்சம் கூடிப்போயிருந்தது.

மூத்தவர் எழுந்து பலகைக்கு வந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து நகர்த்தினார். இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கினார். ‘முடிஞ்சுது, பண்ணைக்குப் போக வேண்டியதுதான்’ என்று நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“உள்ளயும் மாறுது” என்று அவர் பலகையைப் பார்த்தே சொன்னார். “ஆமா. நான் தப்பு.”

கடைசி பெஞ்சிலிருந்து தாளாளர், “அப்ப இந்தம்மாவ எடுத்துக்கலாங்களா சார்?” என்றார்.

“அதப் பொறவு பேசலாங்க. இப்ப மூணாவது பீரியடு, எனக்குக் கிளாஸ் இருக்குது. இந்தத் தப்ப நான் போன வாரம் லெவன்த் ஏ செக்‌ஷனுக்கு நடத்தியிருக்கறேன்.” என் பக்கம் திரும்பினார். “வாங்க.”

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வகுப்பில் அறுபது பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் உட்காரச் சொல்லவில்லை. “லிமிட் நோட்ஸ எடுங்க. கட்டத்துல 1/e இருக்குதா? அடிங்க. நான் தப்பா எழுதினது. என்னைக் கேள்வி கேக்க ஒரு ஆள் வந்திருக்கறாங்க. ஏன் தப்புன்னு அவங்க சொல்லுவாங்க” என்றார். தன் நோட்ஸிலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய், இரண்டு பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லி, நடுவில் உட்கார்ந்து பேனாவைத் திறந்துகொண்டார்.

அத்தனை பெரிய மனுஷரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. என்னை நினைத்தும் எனக்குக் கர்வமாக இருந்தது, அதையும் ஏன் மறைக்க வேண்டும்? பணி ஆணை இன்னும் டைப்கூட ஆகவில்லை. தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

“உக்காருங்க சாமி” என்றேன் பிள்ளைகளிடம். அறுபது பேரோடு அவரும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.