பெரியவளின் எலுமிச்சை ஊறுகாய்

பெரியவள் கண்ணை மூடிய மறுவாரமும் அவளுடைய எலுமிச்சை ஊறுகாய்க்கு ஆர்டர் வந்து குவிந்தது. மகளிர் குழுவின் இணையதளத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் கீழே அதைச் செய்தவளின் படம் இருக்கும். பெரியவள் தன் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள். ஊறுகாய், நொறுக்குத்தீனி, தைத்த பை எல்லாவற்றுக்கும் கடை ஒன்று. கைகள்தான் வேறு வேறு. கையைப் பார்த்துத்தான் வாங்கினார்கள்.

"இருப்பு இல்லைன்னு போட்டுடலாங்கக்கா" என்றாள் அவளுடைய ஓரகத்தியான சின்னவள்.

"கறக்குற மாட்டை யாராவது அவுத்து விடுவாளா?" என்றாள் குழுத் தலைவி. "ஒரே வீடு, ஒரே அடுப்பு. கூடவே நின்னு பாத்தவ நீதானே? நீயே போடு. படம் அப்படியே இருக்கட்டும்."

சின்னவளுக்கென்று தளத்தில் ஒரு மாங்காய் ஊறுகாய் இருந்தது. மந்தமாகத்தான் ஓடும். ஆனால் அந்தக் கைப்பக்குவம் ஒன்றுதான் பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சீதனம்.

முதல் தடவை எலுமிச்சைக்கு உப்பைக் கரண்டியால் அளந்து போட்டாள். 'அதே ருசி, மாறவே இல்லை' என்று தளத்தில் எழுதினார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. போகப் போகக் கரண்டி தேவைப்படவில்லை. கை தானாக அள்ளியது. எவ்வளவு அள்ளுகிறது என்று அவளுக்கே தெரியாது.

பிறகு ஒருநாள் அவளுடைய மாங்காய்க்குக் கீழே ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார்: 'எலுமிச்சை போடும் அம்மாதான் இதையும் போடுகிறாரா?'

தன் மாங்காயில் புது ஜாடியைத் திறந்து கணவனுக்குப் பரிமாறினாள்.

"அண்ணி போட்டது இன்னும் மிச்சம் இருக்கா?" என்றான்.

"நான் போட்டதுங்க."

வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு அவன் எழுந்துபோனான். போகும்போது அவள் கைப்பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தான்.

அடுத்த தடவை மாங்காய்க்கு எல்லாவற்றையும் தராசில் நிறுத்துப் போட்டாள். அம்மா சொன்னபடி, ஒரு சிட்டிகை பிசகாமல். அப்படியும் நாக்கில் வந்து உட்கார்ந்தவள் பெரியவள்தான்.

"எனக்கு ஊறுகாயே வேணாங்கக்கா. அவங்க படத்தை எடுத்துடுங்க. நான் தையலுக்குப் போறேன்."

சின்னவளின் முகத்தைப் பார்த்த தலைவி இரண்டு ஊறுகாயையும் உடனே தளத்திலிருந்து நீக்கினாள்.

தையல் மிஷினில் அவள் தைத்த முதல் பையை, தையல்காரி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"கைப்பிடியில இப்படிக் கோணலாக் குத்த யாருடி சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்லையே."

"ஊறுகாய்க்குப் போறதுக்கு முன்னாடி உன் ஓரகத்தி இங்க கொஞ்ச நாள் தைச்சா. இதே கோணல். எத்தனை தரம் பிரிக்கச் சொல்லித் திட்டியிருக்கேன்!"

சின்னவள் அந்தக் காலத்தில் மருமகளாக வந்திருக்கவே இல்லை.

பையைத் தளத்தில் ஏற்றப் படம் எடுக்க வேண்டும். தலைவி அவளைச் சுவரோரம் நிறுத்திப் போனைத் தூக்கினாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா, நான்தானே?" என்று கேட்டுச் சின்னவள் சிரித்தாள்.

தலைவியின் விரல் அப்படியே நின்றது.

"சிரிக்காத" என்றாள். "உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன், சிரிக்காம நில்லு."